மீட்டரும் கேட்டும் யார் கையில்?

வாடகை வீட்டுக் கதவிடுக்கில் ஒரு தாள் கிடக்கிறது. "அடுத்த மாதம் முதல் எல்லா வீட்டுக்கும் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்படும். முன் கேட்டும் தானியங்கியாகிறது. ஒத்துழைப்புத் தரவும். மீட்டர், கேட் செலவுக்காக மாதம் 200 ரூபாய் கூடுதலாகச் சேர்க்கப்படும்." கீழே வீட்டுக்காரரின் கையெழுத்து. கொச்சியை ஒட்டிய களமசேரி போல வாடகைக் குடித்தனங்கள் நெருங்கிய ஊரில் இந்தத் தாள் இன்று யார் வீட்டுக்கும் வரலாம். கொச்சிப் பல்கலைக்கழக மாணவர்கள், மருத்துவக் கல்லூரியில் இரவுப்பணி பார்க்கும் செவிலியர்கள், தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த தமிழர்கள் என்று ஒரே மாடிக்கட்டடத்தில் நாலைந்து குடித்தனம் இருப்பது இங்கே வழக்கம்.

நான்கு வரிக் கடிதம்தான். ஆனால் வீட்டுக்குள் மின்சாரம் வருவதையும் வீட்டுக்குள் நாம் நுழைவதையும் இனி இன்னொருவரின் கைப்பேசி முடிவு செய்யப்போகிறது என்பதை அது சொல்லாமல் சொல்கிறது. வீட்டுக்காரர் கெட்டவர் என்று இதற்குப் பொருள் இல்லை. பெரும்பாலானோர் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். கடிதத்தில் இருக்கவேண்டிய நாலைந்து தகவல்கள் இல்லாமல் போவதுதான் பிரச்சினை.

முதல் கேள்வி: இது யாருடைய மீட்டர்?

'ஸ்மார்ட் மீட்டர்' என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் புழங்குகின்றன. ஒன்று, மின்வாரியம் தன் செலவில், தன் முத்திரையோடு பொருத்துவது. வீட்டுக்காரர் அதைத் தொடக்கூட முடியாது. மற்றொன்று, வீட்டுக்காரர் கடையில் வாங்கி, வாரிய மீட்டருக்குப் பின்னால் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் மாட்டும் சப்-மீட்டர். இப்போது அதிலும் வைஃபை, செயலி, முன்பணம் எல்லாம் வந்துவிட்டன.

கேரளத்தில் இந்த வேறுபாடு முக்கியம். மத்திய அரசு 2021-இல் தொடங்கிய மின்விநியோகச் சீரமைப்புத் திட்டத்தில், தனியார் நிறுவனம் முதல்போட்டு மீட்டர் பொருத்தி, பிறகு மீட்டருக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வசூலிக்கும் முறைதான் முன்வைக்கப்பட்டது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. 2023-இல் மாநில அரசு அந்த வழியைக் கைவிட்டு, கே.எஸ்.இ.பி.யே செலவு செய்யும் முறைக்கு மாறியது. முதல் கட்டமாகத் திட்டமிடப்பட்டது சுமார் 3 லட்சம் மீட்டர்கள். அதில் முன்னுரிமை அரசு அலுவலகங்களுக்கும் உயரழுத்த நுகர்வோருக்கும். ஆகவே சாதாரண வாடகைக் குடித்தனத்துக்கு வரும் 'ஸ்மார்ட் மீட்டர்' கடிதம் பெரும்பாலும் வீட்டுக்காரரின் சொந்தச் சப்-மீட்டரைப் பற்றியதாகவே இருக்கும்.

அதனால் என்ன கெட்டுப்போகிறது? வாரிய மீட்டர் தப்பாக ஓடுகிறது என்று நுகர்வோர் புகார் கொடுத்தால், 5 நாளுக்குள் சரிபார்ப்பு மீட்டர் ஒன்றைப் பொருத்தி, குறைந்தது 3 மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று மின்நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் செய்த திருத்தம் சொல்கிறது. கட்டணம் கட்டத் தவறினாலும், 15 நாள் எழுத்துமூல அறிவிப்பு இல்லாமல் இணைப்பைத் துண்டிக்கக்கூடாது என்கிறது மின்சாரச் சட்டம் 2003-இன் 56-ஆம் பிரிவு. சப்-மீட்டருக்கு இந்தக் கவசம் எதுவும் கிடையாது. கே.எஸ்.இ.பி.யின் மத்திய மண்டல நுகர்வோர் குறைதீர் மன்றம் களமசேரியிலேயே, எச்.எம்.டி. காலனித் துணைமின்நிலைய வளாகத்தில் இயங்குகிறது. கூப்பிடு தூரம்தான். ஆனால் வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் இடையிலான சப்-மீட்டர் கணக்குச் சண்டையை அங்கே கொண்டுபோக முடியாது. அந்த மன்றம் வாரியத்துக்கும் நுகர்வோருக்கும் நடுவே நிற்பது.

600 யூனிட்டின் கணக்கு

இனி பணத்துக்கு வருவோம். கேரளத்தில் வீட்டு மின்கட்டணம் மாதம் 250 யூனிட் வரை படிப்படியாக ஏறும். முதல் 50 யூனிட்டுக்கு ஒரு விலை, அடுத்த 50-க்குக் கொஞ்சம் கூட, இப்படி. 250-ஐத் தாண்டினால் கணக்கே மாறிவிடும்; முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விலை.

ஐந்து குடித்தனம், ஒவ்வொன்றும் மாதம் 120 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் உள்ள வீட்டுக்கு இது பெரிய அளவில்லை. ஒவ்வொருவருக்கும் தனி வாரிய இணைப்பு இருந்தால், 2025 ஏப்ரல் கட்டணப்படி முதல் 50 யூனிட்டுக்கு 3.35 ரூபாய், அடுத்த 50-க்கு 4.25, மீதி 20-க்கு 5.35. கூட்டினால் ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 490 ரூபாய். நிலைக்கட்டணமும் வரியும் தனி.

அதே ஐந்து வீடும் ஒரே இணைப்பில் தொங்கினால் மொத்தம் 600 யூனிட். 500-ஐத் தாண்டிய பிறகு எல்லா யூனிட்டுக்கும் 9 ரூபாய்க்குச் சற்று மேல். மொத்தம் 5,500 ரூபாய். ஒரு வீட்டுக்கு 1,100. அதே விசிறி, அதே விளக்கு, இரண்டு மடங்குக்கும் மேல் பணம். வீட்டுக்காரர் ஒரு பைசாகூட லாபம் வைக்கவில்லை. சப்-மீட்டர் எவ்வளவு துல்லியமாக ஓடினாலும் இந்த இழப்பு குறையாது, ஏனென்றால் அது இணைப்பு முறையிலேயே இருக்கிறது.

அதற்கு மேல் "யூனிட்டுக்கு 12 ரூபாய்" என்று ஒரு முழு எண்ணை வீட்டுக்காரர் வைத்துவிட்டால் 1,440 ஆகும். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016 முதல் இருந்தாலும், அது இணைப்புக்குத்தான் கிடைக்கிறது. சப்-மீட்டரில் இருக்கும் குடித்தனத்துக்கு அந்தச் சலுகை எட்டுவது வீட்டுக்காரரின் மனசைப் பொறுத்தது.

எனவே கடிதம் வந்ததும் கேட்கவேண்டியது ஒன்றுதான். புதுச் சப்-மீட்டருக்குச் செலவழிக்கும் பணத்தில் தனி இணைப்புக்கு விண்ணப்பிக்கலாமே? மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, இடத்தின் உரிமையாளர் மட்டுமல்லாமல் அங்கே குடியிருப்பவரும் இணைப்புக் கேட்கலாம் என்கிறது. வீட்டுக்காரர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக மின்சாரத்தை மறுக்க முடியாது, விண்ணப்பிப்பவர் அங்கே குடியிருக்கிறாரா என்பதைத்தான் மின்விநியோக அமைப்பு பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் சொன்னது. சண்டைக்கு நிற்கத் தேவையில்லை. நல்ல வீட்டுக்காரருக்கு இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினாலே போதும். அவருக்கும் மாதாமாதம் ஐந்து பேரிடம் வசூலிக்கும் தலைவலி குறையும்.

பக்கத்து வீட்டு ஏசி உங்கள் கணக்கில்

தனி இணைப்பு உடனே சாத்தியமில்லை, சப்-மீட்டர்தான் என்றால், பொருத்தும் அன்றைக்கே ஒரு சோதனை செய்துவிட வேண்டும். இதைப் பல எலக்ட்ரீஷியன்களே மறந்துவிடுகிறார்கள்.

மின்சாரம் ஃபேஸ் கம்பி வழியே வீட்டுக்குள் வந்து, நியூட்ரல் கம்பி வழியே திரும்புகிறது. நவீன மின்னணு மீட்டர்களில் பல, இரண்டு கம்பிகளின் ஓட்டத்தையும் அளந்து, எது அதிகமோ அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். திரும்பும் மின்சாரத்தைத் தரையில் விட்டுத் திருடுவதைப் பிடிக்கச் செய்த ஏற்பாடு இது. நல்லதுதான். ஆனால் ஒரு பெரிய வீட்டைப் பிற்பாடு நாலாகப் பிரித்துக் குடித்தனம் வைத்த இடங்களில் ஒரு கோளாறு உண்டு. மட்டாஞ்சேரியின் பழைய வீடுகளில் மட்டுமல்ல, முப்பது நாற்பது வருடத்துக் கட்டடங்களிலும் பார்க்கலாம். ஃபேஸ் கம்பியைத் தனித்தனியாக இழுத்துவிட்டு, நியூட்ரலை மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக முடிச்சுப் போட்டிருப்பார்கள். பழைய தகட்டு மீட்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை. புது மீட்டர் கண்டுகொள்ளும். பக்கத்து வீட்டு ஏசி ஓடும்போது அதன் திரும்பும் மின்சாரம் உங்கள் மீட்டரின் நியூட்ரல் வழியே போனால், அது உங்கள் கணக்கில் ஏறும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு துடிக்கும். அதன் அருகே 3200 imp/kWh என்பதுபோல ஓர் எண் இருக்கும். ஒரு யூனிட்டுக்கு 3,200 துடிப்பு என்று பொருள். வீட்டில் எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். துடிப்பு நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் வேறு எதுவோ உங்கள் மீட்டரில் ஓடுகிறது. மெயின் சுவிட்சையே அணைத்ததும் பக்கத்து வீட்டு விளக்கு மங்கினாலோ அணைந்தாலோ, இரண்டு வீட்டு வயரிங்கும் கலந்திருக்கிறது என்பது உறுதி. அதைப் பிரித்துத் தராமல் புது மீட்டர் பொருத்தக்கூடாது.

அடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் 1,000 வாட் ஹீட்டர் ராடை மட்டும் போட்டு ஒரு நிமிடம் துடிப்பை எண்ணுங்கள். 3,200 எண் உள்ள மீட்டரில் 53 துடிப்பு வரவேண்டும். வோல்டேஜ் ஏறி இறங்குவதால் ஐந்தாறு கூடக் குறைய இருக்கலாம். எழுபது எண்பது வந்தால் மீட்டரோ வயரிங்கோ சரியில்லை. ராடு போட்டிருக்கும்போது தண்ணீரில் கை வைக்காதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

வைலத்தூரில் நடந்தது

மீட்டர் பணத்தை எடுக்கும். கேட் உயிரை எடுத்துவிடும். 2024 ஜூன் மாதம் மலப்புரம் மாவட்டம் திரூர் அருகே வைலத்தூரில், பக்கத்து வீட்டின் தானியங்கிக் கேட்டில் சிக்கி ஒன்பது வயதுச் சிறுவன் இறந்துபோனான். பேரனின் உடலைப் பார்த்த பாட்டியும் மாரடைப்பில் இறந்தார். 2010-இல் பிரிட்டனில் ஒரு வார இடைவெளிக்குள் ஐந்து, ஆறு வயதுள்ள இரண்டு சிறுமிகள் இதேபோல் மின்கேட்டில் நசுங்கி இறந்தார்கள். அங்கே அரசுப் பாதுகாப்பு அமைப்பு நாடு முழுவதும் எச்சரிக்கை விட்டது.

பக்கவாட்டில் ஓடும் இரும்புக் கேட்டின் எடை 300, 400 கிலோவைச் சாதாரணமாகத் தொடும். அடியில் பொருத்திய பல்சட்டத்தை மோட்டாரின் பற்சக்கரம் தள்ளுகிறது. குறுக்கே எதுவும் நிற்கிறதா என்று பார்ப்பது இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, தூண்களுக்கு இடையே ஓடும் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றை. அது மறைந்தால் கேட் நிற்க வேண்டும். இன்னொன்று, கேட் எதிலாவது முட்டினால் மோட்டாரின் சுமை ஏறுவதை உணர்ந்து நின்று பின்வாங்குவது.

இரண்டிலும் ஓட்டை உண்டு. ஒளிக்கற்றை ஒன்றே ஒன்று இடுப்புயரத்தில் இருந்தால் குனிந்து ஓடும் குழந்தை அதற்குத் தெரியாது. முழங்கால் உயரத்தில் இன்னொன்று வேண்டும். முட்டினால் நிற்கும் ஏற்பாட்டுக்கு 'விசை' அளவு ஒன்றைப் பொருத்துபவர் திருகி வைக்கிறார். தண்டவாளத்தில் மண் அடைந்து கேட் பாதியில் நின்றுவிட்டால், தண்டவாளத்தைத் துடைப்பதற்குப் பதில் விசையைக் கூட்டிவிட்டுப் போவது எளிய வழி. அடுத்த தடவை அது குழந்தையின் மேல் நிற்காது. ஐரோப்பியத் தரநிலை, மூடும் கேட்டின் முட்டுவிசை 400 நியூட்டனுக்குள் இருக்க வேண்டும், அதுவும் முக்கால் நொடிக்குள் தணிய வேண்டும் என்கிறது. ஏறக்குறைய 40 கிலோ எடை ஒரு கணம் அழுத்துவதுபோல. வளர்ந்தவருக்கு வலிக்கும், நசுக்காது.

இதைச் சோதிக்கக் கருவி வேண்டாம். ஓர் அட்டைப்பெட்டியைப் பாதையில் வைத்து கேட்டை மூடச் சொல்லுங்கள். பெட்டியை நசுக்கிக்கொண்டே போனால் அந்தக் கேட்டை இயக்கக்கூடாது. பிறகு ஒளிக்கற்றையை ஒரு துடைப்பத்தால் மறைத்துப் பாருங்கள். கையையோ காலையோ வைத்துச் சோதிக்கும் வீரம் வேண்டாம்.

களமசேரிக்கென்று இன்னொரு பிரச்சினை உண்டு. 2024 மே 28 அன்று கொச்சியில் ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டரை ஒட்டி மழை கொட்டியது. களமசேரி மூலேப்பாடத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கேட் மோட்டாரும் அதன் கட்டுப்பாட்டுப் பலகையும் வழக்கமாகத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கும். வெள்ளத்தில் முதலில் மூழ்குவது அதுதான். தண்ணீர் ஏறும் நேரத்தில், மின்சாரமும் போன நேரத்தில், ஐந்து குடித்தனமும் பூட்டிய கேட்டுக்குள் நிற்கும் நிலை வரலாம். மோட்டாரை உயரமான மேடையில் வைப்பதும், அதன் இணைப்புக்குத் தனியாக 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் போடுவதும், துலாவருஷ இடிமின்னலில் பலகை கருகாமல் இருக்க எழுச்சித் தடுப்பான் போடுவதும் இங்கே ஆடம்பரம் ஆகாது.

எல்லாவற்றுக்கும் மேல், ஒவ்வொரு கேட் மோட்டாரிலும் கையால் விடுவிக்க ஒரு சாவி உண்டு. அதைத் திருப்பினால் மோட்டார் விலகி, கேட்டைக் கையாலேயே தள்ளலாம். அந்தச் சாவி பல இடங்களில் வீட்டுக்காரரின் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார்.

200 ரூபாய் எங்கிருந்து வந்தது?

கேட்டுக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகும்? சும்மா இருக்கும்போது பலகை 10 வாட் எடுத்தால், மாதம் 7 யூனிட். திறந்து மூட 400 வாட் மோட்டார் தடவைக்கு 20 நொடி ஓடுகிறது. ஒரு நாளில் 60 தடவை ஓடினாலும் மாதம் 4 யூனிட். மொத்தம் 11. மிக உயர்ந்த விலையில் போட்டாலும் சுமார் 100 ரூபாய்தான். ஐந்து வீட்டுக்குப் பங்கிட்டால் தலைக்கு 20 ரூபாய். மீதி 180 பராமரிப்புக்கா, மோட்டார் விலையைத் திருப்பி எடுப்பதற்கா என்று கடிதம் சொல்ல வேண்டும். மோட்டார் கட்டடத்தின் சொத்து. குடித்தனக்காரர் போகும்போது அதைக் கழற்றிக்கொண்டு போகப்போவதில்லை. கேட்டின் இணைப்பு யாராவது ஒருவர் வீட்டு மீட்டரில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். மேலே சொன்ன துடிப்புச் சோதனை அதையும் காட்டிக்கொடுக்கும்.

சுவிட்சைப் பற்றிய ஒப்பந்தம்

முன்பணச் சப்-மீட்டரில் பணம் தீர்ந்ததும் நள்ளிரவானாலும் மின்சாரம் தானாக நிற்கும். கேட் செயலியில் ஒருவரின் எண்ணை நீக்க ஒரு விரல்தொடுதல் போதும். வாடகை பாக்கி என்று இரவு இரண்டு மணிக்குப் பணி முடிந்து வரும் செவிலியரைத் தெருவில் நிறுத்திவிடலாம். குடித்தனக்காரர் அனுபவிக்கும் வசதிகளில் வீட்டுக்காரர் கைவைக்கக்கூடாது என்று கேரளக் கட்டடக் குத்தகை, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1965-இன் 13-ஆம் பிரிவு சொல்கிறது. அன்று கம்பியைப் பிடுங்க ஓர் ஆள் மாடி ஏற வேண்டியிருந்தது. இன்று சாட்சியில்லாமல் செய்யலாம். பாக்கிக்கு வழக்குப் போடலாம், காலி செய்யக் கேட்கலாம்; விளக்கை அணைப்பதும் வழியை அடைப்பதும் வசூல் முறை ஆகாது.

ஆகவே வீட்டுக்காரர்களுக்கு ஒரு யோசனை. அந்த நான்கு வரிக்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்:

"அன்புள்ள குடியிருப்போருக்கு, வணக்கம். வரும் மாதம் ஒவ்வொரு வீட்டுக்கும் என் செலவில் சப்-மீட்டர் பொருத்துகிறேன். இது கே.எஸ்.இ.பி. மீட்டர் அல்ல. வாரிய ரசீதின் நகலை ஒவ்வொரு முறையும் உங்களுக்குத் தருவேன். ரசீதில் விழும் சராசரி யூனிட் விலைக்கு மேல் வாங்கமாட்டேன். பொருத்தும் அன்று நியூட்ரல் கம்பிகளைப் பிரித்து, உங்கள் எதிரிலேயே சோதித்துக் காட்டுவோம். பழைய மீட்டரின் கடைசி எண்ணைப் படமெடுத்து இருவரும் வைத்துக்கொள்வோம். யாருக்காவது தனி இணைப்பு வேண்டுமென்றால் ஒப்புதல் கடிதம் தருகிறேன். தொலைவிலிருந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் வசதியை அணைத்து வைத்திருக்கிறேன். முன் கேட்டுக்கு மோட்டார் பொருத்துகிறோம். அதற்குத் தனி மீட்டர். இரண்டு உயரங்களில் ஒளிக்கற்றை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முட்டுவிசையைச் சோதித்து, தேதியைக் கேட் தூணில் எழுதிவைப்போம். கையால் திறக்கும் சாவி தரைத்தள வீட்டில் ஒன்று, மாடியில் ஒன்று இருக்கும். குழந்தைகள் கேட்டில் தொங்கவோ ரிமோட்டைத் தொடவோ விடவேண்டாம்."

இதை எழுத அரைமணி நேரம் ஆகும். இதில் ஒன்றையும் எழுத முடியாத வீட்டுக்காரர் கருவிகளைப் பொருத்துவதைத் தள்ளிவைப்பது நல்லது.

குடித்தனக்காரர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டடத்தில் மோட்டார் கேட் ஏற்கெனவே இருந்தால், அதைக் கையால் திறக்கும் சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்றிரவே கேட்டு, ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.